காத்மாண்டுவின் கால் மணி நேரம்

நிர்ஜலா தூலாதருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது அவளிடம் "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று சொன்னால், "எந்த ஊரு அஞ்சு நிமிஷம்?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டே கேட்டிருந்தால் பரவாயில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்பாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இவளுக்கு ஏதோ கோளாறு என்று என்னிடம் வந்து விசாரிப்பார்கள். நான் ரஞ்சு, காத்மாண்டுவை ஒட்டிய புல்சோக்கில் எங்கள் கம்பெனியின் மூன்றாவது மாடியில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று போடுகிறவள். யாருக்கு எப்போது கோளாறு வரும் என்று தெரிந்து வைத்திருப்பது என் வேலையில் பாதி.

ஆனால் அவளுக்குக் கோளாறு எதுவும் இல்லை. புருஷன் தோஹாவில், தங்கை லிஸ்பனில், மகள் இங்கே பாட்டன் நகரில் மூன்றாம் வகுப்பில். வருஷத்தில் பதினோரு மாதம் ஒரு குடும்பத்தை மூன்று கடிகாரத்தில் வைத்துக் கட்டி ஆளுகிறவள். "அவரு எனக்கு ரெண்டே முக்கால் மணி நேரம் பின்னாடி இருக்காரு" என்று புருஷனைப் பற்றிச் சொல்வாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் தோஹாவில் மணி என்ன என்று பார்த்துவிட்டுத்தான் அழுவாள். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். இதை யாரும் படிப்பு என்று சொல்வதில்லை.

எங்கள் கம்பெனி செய்வது ஒரே ஒரு காரியம். அயர்லாந்தில் தனியாக வாழும் வயதானவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டிக்கொண்டிருப்பார்கள். விழுந்தால், நெஞ்சு வலித்தால், அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் அங்கே ஒரு கண்காணிப்பு மையத்தில் திரையில் பெயர் வரும், அவர்கள் ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள். அந்தத் திரையை ஓட்டுகிற மென்பொருள் எங்களுடையது. திரை உறைந்துபோனால் எங்கள் டப்ளின் அலுவலகத்தில் ஒரு டிக்கெட் திறப்பார்கள், அதாவது ஒரு புகார் பதிவு. அதற்குக் காத்மாண்டுவில் நாங்கள் முதல் பதில் கொடுக்க வேண்டும். எங்களால் ஆகாது என்றால் பெங்களூருக்குத் தள்ள வேண்டும். சர்வரைத் தொடுகிற அதிகாரம் அவர்களுக்குத்தான் உண்டு. ஒவ்வொரு கை மாறுதலுக்கும் பத்து நிமிடம் கெடு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, நவம்பரில், ஒரு திங்கட்கிழமை திரை உறைந்தது. அயர்லாந்தின் ஏதோ ஒரு கடலோரக் கிராமத்தில் டெர்மட் என்கிற பெரியவர் மாடிப்படியில் விழுந்து கிடந்தார். பொத்தானைப் பதினோரு தடவை அமுக்கியிருக்கிறார். திரைக்கு ஒன்றுகூட வரவில்லை. பெங்களூர் சரிசெய்த பிறகு பதினொன்றும் மொத்தமாக வந்து கொட்டின. ஆள் போய்ச் சேர்ந்தபோது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விசாரணை வந்தது. மூன்று அலுவலகப் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு ரிப்போர்ட் போட்டார்கள். அதில் எங்கள் பையன் லோகேந்திர மகர் பத்தொன்பது நிமிடம் கழித்துத்தான் முதல் பதில் கொடுத்தான் என்று இருந்தது. பெங்களூர் ஐந்தே நிமிடத்தில் வாங்கிக்கொண்டது என்றும் இருந்தது. அந்தப் பெரியவர் கடைசியாகப் பொத்தானை அமுக்கியது டிக்கெட் திறந்த பதினேழாவது நிமிடத்தில்.

லோகேந்திர அன்று என் முன்னால் நின்றுகொண்டு சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆபீஸில் எல்லோருக்கும் நான் தீதி, அதாவது அக்கா.

"தீதி, நான் உடனே எடுத்தேன். டிக்கெட் வந்து விழுந்ததும் எடுத்தேன். சத்தியமா."

"ரிப்போர்ட்ல அப்படி இல்லையே தம்பி."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

டப்ளினில் டிக்கெட் திறந்த பெண் அன்று பத்துப் போனுக்கு நடுவில் இருந்தாளாம், மணி பார்க்கவில்லையாம். சொல்லப்போனால் அவன் கேள்விக்குப் பதிலை யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை. காரணம் எங்கள் கையிலேயே தயாராக இருந்தது. நேபாளி டைம். கல்யாணத்துக்குப் பத்து மணி என்று பத்திரிகை அடித்தால் பன்னிரண்டுக்குப் போகிற ஊர் இது. அதை நாங்களே சொல்லிச் சிரிப்போம். இந்தியாவுக்குக் கால் மணி நேரம் முன்னால் இருக்கிற தேசம், எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் பின்னால் போய் நிற்கும் என்று. டப்ளின்காரன் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்போம். சொன்னது நாங்கள்தான். "மத்தியானம் அவல் திங்கப் போயிருப்பான், மறந்திருப்பான்" என்று அவன் பக்கத்து மேசைக்காரனே சொன்னான்.

அவனை வேலையை விட்டு யாரும் போகச் சொல்லவில்லை. அது வேறு கொடுமை. டிக்கெட் எடுக்கிற வேலையிலிருந்து மாற்றி, கோப்பு அடுக்குகிற வேலை கொடுத்தார்கள். முதல் மாதம் "நான் எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது மாதம் "எடுத்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றான். அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டு அறையில் என்னிடம் வந்து, "தீதி, எனக்கு இப்ப ஞாபகம் வருது, நான் வெளியில நின்னுட்டிருந்தேன், யாரோடயோ பேசிட்டிருந்தேன்" என்றான். யாரோடு என்று கேட்டேன். முகம் தெரியவில்லை என்றான். நடக்காத ஒன்று அவனுக்குள் நடந்துகொண்டிருந்ததை அன்றைக்கு நான் அறியவில்லை. அவன் உண்மையை ஒப்புக்கொள்கிறான் என்றே நினைத்தேன்.

பிறகு மணிச் சத்தம் ஆகவில்லை அவனுக்கு. லிப்ட் மணி அடித்தால் எழுந்து நிற்பான். கோயில் மணி கேட்டால் எண்ண ஆரம்பிப்பான், பதினொன்று வரைக்கும். வேலையை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கின் தெற்கே கோதாவரி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம். செடிக்கு மணி அடிக்கத் தெரியாது, அங்கேயாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் மேசையில் வேறு யாரும் உட்கார மாட்டேன் என்றார்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாலும் அதில் ஏதோ சத்தம் வருகிறது என்று கதை கட்டினார்கள். எல்லாம் சுத்தப் பேத்தல். ஆனால் ஷிப்ட் போடும்போது நானும் அந்த மேசைக்கு யார் பெயரையும் எழுதியதில்லை. இதை இப்போதுதான் சொல்கிறேன்.

இந்த வருஷம் தசைன் பண்டிகை முடிந்து, சேர்ப்பு ரிப்போர்ட் போடுகிற வேலை பெங்களூரிலிருந்து காத்மாண்டுவுக்கு வந்தது. நிர்ஜலா தலையில் விழுந்தது.

மூன்று அலுவலகமும் மூன்று காலத்தில் ஆரம்பித்தவை, மூன்றும் வேறு வேறு பதிவு முறை. டப்ளின் டப்ளின் கடிகாரத்தை எழுதும், பெங்களூர் இந்தியக் கடிகாரத்தை, நாங்கள் எங்கள் கடிகாரத்தை. எந்தப் பதிவிலும் இது எந்த ஊர் நேரம் என்று எழுதியிருக்காது, மணியும் நிமிடமும் மட்டும்தான். ரிப்போர்ட் போடுகிறவர் எல்லாவற்றையும் முதலில் கிரீன்விச் நேரத்துக்கு இறக்கி, ஒரே கடிகாரத்தில் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். இறக்குகிற கணக்கு ஒரு பழைய எக்செல் தாளில் தயாராக இருந்தது. தாளைத் திற, பதிவுகளை ஒட்டு, ரிப்போர்ட் வரும். நிர்ஜலாவிடம் ஒப்படைத்தவர் அப்படித்தான் சொன்னார்.

அவள் ஒட்டினாள். வந்தது. ஆனால் அவளால் அதோடு விட முடியவில்லை.

"தீதி, இங்க வாங்க. பெங்களூர்க்காரங்க நம்ம தள்ளின டிக்கெட்டை எடுக்க எத்தனை நேரம் ஆகுதுன்னு பாருங்க."

பார்த்தேன். வரிசையாகச் சுழியம். நடுவில் எங்கேயோ ஒரு ஐந்து, ஒரு மூன்று, மறுபடியும் சுழியம்.

"சுறுசுறுப்பான ஆளுங்க" என்றேன்.

"சுழியம் நிமிஷத்துல எடுக்கணும்னா நான் தள்ளும்போது அவரு என் கையைப் பிடிச்சிட்டு நிக்கணும்."

அந்தக் கட்டத்துக்குள் இருந்த சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தாள். விடை சுழியத்துக்குக் கீழே, கழித்தலில் வந்தால் சுழியம் என்று காட்டு என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்க வேண்டும் இல்லையா. அந்தத் துண்டை அழித்தாள். சுழியங்கள் எல்லாம் போய் வேறு எண்கள் வந்து உட்கார்ந்தன. கழித்தல் பத்து. கழித்தல் பன்னிரண்டு. கழித்தல் ஒன்பது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"நம்ம தள்ளுறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே அவங்க எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். கேக்குறதுக்கு முன்னாடியே பதில்."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அந்த ஆளில்லாத மேசையைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பட்டப்பகல் வேளை, ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அப்படியும்.

மத்தியானம் முழுக்க அவள் அந்தத் தாளை விட்டு எழவில்லை. டப்ளினிலிருக்கிற ஒருத்தியைக் கேட்டு, பரீட்சைக்காக ஒரு பொய் டிக்கெட் திறக்கச் சொன்னாள். வந்த கையோடு அவளே பதில் கொடுத்தாள். பதிவை எடுத்துத் தாளில் ஒட்டினாள். அவள் கொடுத்த பதில் பதினைந்து நிமிடம் தாமதம் என்று தாள் சொன்னது.

"நான் இங்கதானே உட்கார்ந்திருந்தேன் தீதி, நீங்க பார்த்தீங்கல்ல?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன், வேறு ஒரு வாயிலிருந்து.

விஷயம் இவ்வளவுதான். அந்தத் தாளைப் போட்ட காலத்தில் காத்மாண்டுவில் அலுவலகமே இல்லை. டப்ளின் ஒரு வரி, தெற்காசியா ஒரு வரி. தெற்காசியா என்றால் ஐந்தரை மணி நேரம் கழி. நாங்கள் வந்ததும் எங்களையும் அந்த வரியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் கடிகாரமோ கிரீன்விச்சுக்கு ஐந்தே முக்கால் மணி நேரம் முன்னால். ஐந்தே முக்கால் கழிக்க வேண்டிய இடத்தில் ஐந்தரை கழித்தால், நாங்கள் செய்தது எல்லாம் பதினைந்து நிமிடம் பிந்திச் செய்ததாக வரும். டிக்கெட்டைத் திறப்பதும் நாங்கள், பதில் சொல்வதும் நாங்கள் என்றால் இரண்டும் சேர்ந்து தள்ளிப்போகும், வித்தியாசம் தெரியாது. எங்கள் வேலையில் முக்கால்வாசி, நாங்களே கண்டுபிடித்துப் பதிந்துகொள்கிற சில்லறைக் கோளாறுகள், அப்படிப்பட்டதுதான். ஒரு ஊரில் திறந்து இன்னொரு ஊரில் பதில் சொன்னால் மட்டும் அந்தக் கால் மணி நேரம் பல்லைக் காட்டும். காட்டியபோதெல்லாம் நாங்கள் நேபாளி டைம் என்று சிரித்தோம்.

ரக்சௌலில் இந்திய எல்லையைத் தாண்டுகிற பஸ்ஸில் கண்டக்டர் "கடிகாரத்தைத் திருப்பு" என்று கத்துவான். கூலிக்குப் போகிறவனும் தூக்கக் கலக்கத்தில் கால் மணி நேரம் திருப்பிக்கொள்வான். அதே தாளில் அயர்லாந்தின் கோடைக்கால ஒரு மணி நேரம் மட்டும், மார்ச்சு கடைசி ஞாயிறு கூட்டி அக்டோபர் கடைசி ஞாயிறு கழிப்பது வரைக்கும், ஒரு பிசகு இல்லாமல் எழுதியிருந்தது. அவர்களுடைய ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு மரியாதை. எங்கள் கால் மணி நேரத்தைக் காலில் ஒட்டிய தூசி மாதிரித் தட்டிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையில் இருந்த டீயைக் கவிழ்த்துவிட்டேன்.

நிர்ஜலா டீயைத் துடைத்துக்கொண்டே, "லோகேந்திர" என்றாள்.

அந்த ஒரு டிக்கெட்டை எடுத்தோம். ஐந்தே முக்கால் கழித்துப் போட்டாள். அவன் பதில் கொடுத்தது நாலாவது நிமிடத்தில். ஆறாவது நிமிடத்தில் பெங்களூருக்குத் தள்ளிவிட்டான். பையன் சொன்னது அத்தனையும் சத்தியம். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படவில்லை.

நிர்ஜலா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீதி, இந்தப் பதினஞ்சு நிமிஷம் எங்கயும் போகாது. பெரியவரு செத்தது செத்ததுதான். இவன் தலையில இருந்து எடுத்தா, அடுத்தவன் தலையில இறங்கும்."

பார்த்தேன். பெங்களூர் டிக்கெட்டை எடுத்தது இருபத்தாறாவது நிமிடம். அதில் மாற்றம் இல்லை, அவர்கள் கணக்கு எப்போதும் சரி. அங்கே டிக்கெட் வந்தால் ஷிப்டில் இருக்கிறவர் போனில் மணி அடிக்கும், அவர் கையில் எடுத்த நேரம் மட்டும்தான் பதிவில் விழும். பழைய ரிப்போர்ட்டில் நாங்கள் தள்ளியது இருபத்தொன்று, அவர்கள் எடுத்தது இருபத்தாறு, ஐந்து நிமிடம். இப்போது தள்ளியது ஆறு, எடுத்தது இருபத்தாறு. இருபது நிமிடம் அந்த டிக்கெட் பெங்களூர் வாசலில் அநாதையாக நின்றிருக்கிறது. எடுத்தவர் பெயர் நாகபூஷண்.

நாகபூஷணை எங்களுக்குத் தெரியும். நல்ல மனுஷன். விசாரணை நடந்தபோது, லோகேந்திரவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசக் கூடாது என்று மேலிடத்துக்கு எழுதியவர் அவர் ஒருவர்தான். அவனுக்கே போன் போட்டு, "யாருக்கு வேணும்னாலும் நடக்கும் தம்பி, மனசைப் போட்டு வதைச்சுக்காத" என்று சொல்லியிருக்கிறார். நிர்ஜலாவின் மகள் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் மைசூர்பாகு அனுப்புவார்.

"பேசாம இந்த மாசத்துல இருந்து மட்டும் சரியாப் போட்டு அனுப்பிடு" என்றேன். "பழசைத் தோண்ட வேணாம். லோகேந்திர கிட்ட மட்டும் வாய்வார்த்தையாச் சொல்லிடலாம்."

"இப்ப மட்டும் சரி, அப்ப தப்புன்னு எப்படி எழுதுறது தீதி? ரெண்டும் ஒரே கடிகாரம்தானே."

எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு எல்லாம் கணக்குதான் என்று நினைத்தேன். ஆனால் அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர என் தம்பியை அனுப்பச் சொன்னாள். மேலிடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் நாகபூஷணுக்கு அவளே போன் போட்டாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். தெற்காசிய வரி, ஐந்தே முக்கால், கழித்தல் பத்து. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"சர், இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"நான் தப்பாக் கணக்குப் பண்ணியிருந்தா சொல்லுங்க. நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்க."

"வேண்டாம். கணக்கு சரிதான். நான் அன்னைக்கு கேன்டீன்ல இருந்தேன். போனை மேசை மேலேயே விட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தப்ப அது அடிச்சு ஓய்ஞ்சிருந்துச்சு. எத்தனை நேரமா அடிச்சுதுன்னு தெரியல. ரிப்போர்ட் வந்தப்ப அஞ்சு நிமிஷம்னு போட்டிருந்துச்சு. அப்பாடா, அஞ்சு நிமிஷம்தான்னு நினைச்சேன்."

நிர்ஜலா போனைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு தட்டு சாப்பாடு அஞ்சு நிமிஷத்துல முடியாதும்மா. அது எனக்கும் தெரியும்ல. காகிதத்துல அப்படித்தானே இருக்குன்னு நம்பிட்டேன். ரெண்டு வருஷம் நல்லாத் தூங்கினேன். அந்தப் பையன் தூங்கியிருக்க மாட்டான்."

"சர்..."

"அனுப்புங்க. பழசையும் சேர்த்து அனுப்புங்க. எம் பேரை மறைக்காதீங்க."

அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கழிவறைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன், "வர்றேன் தீதி" என்றாள். எந்த ஊர் வர்றேன் என்று கேட்கலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் கோதாவரிக்குப் போனோம். லோகேந்திர சாமந்தி நாற்றுகளுக்கு நடுவில் குந்தியிருந்தான். இளைத்துப் போயிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து, கை மண்ணைத் துடைத்துவிட்டு வணக்கம் சொன்னான். அவன் மனைவி தில்குமாரி பலகை போட்டு உட்கார வைத்து, வறுத்த சோயாவும் டீயும் கொண்டுவந்தாள். பண்ணை முழுக்க ஒரு மணி கிடையாது. வீட்டு போன்கூட அவள் இடுப்பு முடிச்சில்தான் இருந்தது, சத்தத்தை அணைத்து.

நிர்ஜலா தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பழையது ஒன்று, புதியது ஒன்று.

"நீ நாலாவது நிமிஷத்துல எடுத்துட்டே. நீ சொன்னது சரி. தப்பு தாள்ல இருந்துச்சு."

அவன் வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"நாலா?"

"நாலுதான்."

"அப்ப நான் வெளியில நிக்கல."

"இல்ல தம்பி" என்றேன் நான். "நீ இடத்துலதான் இருந்தே."

"யாரோ ஒருத்தரோட பேசிட்டு நின்னேனே, அது?"

"அப்படி யாரும் இல்ல."

அவன் சிரித்தான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். "தில்லு, எனக்குப் பைத்தியம் இல்லடி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். அவள் ஓடிவந்தாள். தாளை அவளிடம் காட்டினான். அவளுக்கு அந்த எண்கள் ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவன் முகம் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிர்ஜலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. போன வேலை முடிந்தது, கிளம்பிவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும்.

"ஆறாவது நிமிஷத்துல தள்ளிட்டேன்" என்று அவன் தாளைப் பார்த்தபடியே சொன்னான். "ஆமா. இப்ப ஞாபகம் வருது. சர்வர் நம்ம கையில இல்ல. தள்ளிட்டேன். தள்ளிட்டு திரையில அந்த ஜன்னலை மூடினேன். அப்புறம் சாப்பாட்டு ரூமுக்குப் போனேன். அவல் இருந்துச்சு. கொண்டைக்கடலை."

"விதிப்படி உன் வேலை முடிஞ்சுது" என்றாள் நிர்ஜலா.

"முடிஞ்சுது." தலையாட்டினான். "தீதி, அந்தப் பெரியவரு அமுக்கினது எல்லாம் அயர்லாந்து நேரம்தானே? அதுல மாத்தம் ஒண்ணும் இல்லையே?"

நிர்ஜலாவின் முகம் மாறியது. அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. "இல்ல" என்றாள். "அது நவம்பர். அங்க கிரீன்விச் நேரம்தான். அப்படியேதான் இருக்கு."

"கடைசித் தடவை பதினேழாவது நிமிஷம்."

"ஆமா."

"முன்னாடி நான் என்ன நினைச்சிருந்தேன்னா, நான் வந்தது பத்தொன்பதாவது நிமிஷம். நான் வந்து சேர்றதுக்குள்ள அவரு அடங்கிட்டாரு. நான் இல்லாதப்ப கூப்பிட்டாரு, நான் வந்தப்ப யாரும் கூப்பிடல. அப்படித்தான் ரெண்டு வருஷமா அவரோட இருந்தேன்."

அவன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். நாலுக்கு முன்னால் எத்தனை, நாலுக்கு அப்புறம் எத்தனை. பதினோரு தடவையின் நேரமும் அவனுக்கு மனப்பாடம். முன்னால் என்பது மூன்றோடு நின்றது. அப்புறம் என்பதற்கு எட்டு விரல் வேண்டியிருந்தது.

"அப்ப நான் வந்ததுக்கு அப்புறமும் அவரு கூப்பிட்டுட்டே இருந்திருக்காரு" என்றான். "நான் சாப்பிட்டுட்டு இருந்தேன்."

தில்குமாரி எங்களைப் பார்த்தாள். எப்படி வந்தீர்களோ அப்படியே திரும்பிப் போயிருக்கலாமே என்று அந்தப் பார்வையில் இருந்தது. நிர்ஜலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கை காட்டி நிறுத்தினான், மரியாதையாகத்தான்.

"கணக்கு சரி தீதி" என்றான். "இதுதான் சரியான கணக்கு."